செருப்பு நழுவினால் சொல்லுங்கள்

குஷாய்குடா, மௌலாலி, செர்லபள்ளி, ஈ.சி.ஐ.எல். பக்கம் குடியிருந்துகொண்டு, பிள்ளையின் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துவரும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

போன மாதம் குஷாய்குடா கடைத்தெருவில் உங்களில் ஒருவர் என்னை நிறுத்தி, "அக்கா, எங்க பிள்ளைக்குப் போடுற ஊசி நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வருதாமே? அந்தச் செடி எங்க காம்பவுண்டு ஓரமா காடா நிக்குது. இலையையே அரைச்சுக் கொடுத்தா என்ன?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஓடிக்கொண்டே, "ஊசி போட்டதிலிருந்து பிள்ளை காலை ஒரு மாதிரி வெச்சு நடக்குறான், சத்துக் குறைவுதானே?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அவருக்கு மட்டும் சொல்லாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் மருந்துகளை அளந்து கலந்து ஊசியில் ஏற்றிக் கொடுக்கும் மருந்தாளுநராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வின்கிரிஸ்டின் என்ற அந்த மருந்து என் கையுறை வழியாக ஆயிரக்கணக்கான தடவை போயிருக்கிறது.

அதற்கும் முன்பே அந்தச் செடியை எனக்குத் தெரியும். நான் பிறந்த ஊர் இப்போது தூத்துக்குடி மாவட்டம். அப்போது திருநெல்வேலி மாவட்டம். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணியைப் பயிராகவே போடுவார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. இலையைத் தனியாகவும் வேரைத் தனியாகவும் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். வேரில் இருப்பது ரத்த ஓட்டத்துக்கான மருந்துக்குப் போகும், இலையில் இருப்பது புற்றுநோய் மருந்துக்குப் போகும் என்பதெல்லாம் மருந்தியல் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள், வீட்டு வாசலில் வைக்க விடமாட்டார்கள். இங்கே தெலுங்குக்காரர்கள் பில்ல கன்னேரு என்று சொல்லி வீட்டுக்கு வீடு தொட்டியில் வளர்க்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே போடுப்பலில் மத்திய அரசின் மருந்து, நறுமணச் செடிகள் ஆய்வு நிறுவனமான சிமாப்பின் கிளை இருக்கிறது. அதன் லக்னோ தலைமையகம் இந்தச் செடியில் 'நிர்மல்', 'தவல்' என்று ரகங்களே உருவாக்கியிருக்கிறது.

இலைக்குப் புற்றுநோயை மறிக்கும் குணம் இருப்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1952-ல் ஜமைக்காவிலிருந்து இருபத்தைந்து இலைகள் ஓர் உறையில் கனடாவுக்குப் போயின. சர்க்கரை நோய்க்கு அங்கே அதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்பதுதான் கூடவே போன செய்தி. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால், அவற்றின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணுக்கள் பெருகிக் கெடுக்கிற நோய்க்கு இதுவே மருந்தாகலாமே என்று யோசனை திரும்பியது. நோபிளும் சார்லஸ் பீரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். எலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவின் குழு வின்கிரிஸ்டினைப் பிரித்தது. 1963-ல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து சிப்லா நிறுவனம் 1980-களில் இரண்டையும் தயாரிக்கத் தொடங்கியது.

சரி, இந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது? இது புரிந்துவிட்டால் பிள்ளையின் கால் ஏன் அப்படி நடக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஒரு செல் இரண்டாகும்போது முதலில் தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு அந்த இரட்டைகளை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று பிசகாமல் பிரித்து இழுக்க வேண்டும். இழுப்பதற்கு அது ஒரு கருவி கட்டுகிறது. நூல் நூற்கிற கதிர் போல நடுவில் பருத்து இரு முனையும் கூராக இருப்பதால் அதற்குக் கதிர் என்றே பெயர். இந்தக் கதிர், நுண்குழல்கள் என்ற மெல்லிய குழாய்களால் ஆனது. ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு குழலின் பருமன். டியூபுலின் என்ற புரதத்தை ஜோடி ஜோடியாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அப்படிப் பதின்மூன்று வரிசையைச் சுற்றி நிறுத்தினால் ஒரு குழல்.

இந்தக் குழல்கள் கட்டி முடித்த தூண்கள் போல நிற்பதில்லை. ஒரு முனையில் ஜோடிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், குழல் நீளும். திடீரென்று உதிரும், குட்டையாகும். மறுபடி நீளும். குருடர் கோலால் துழாவுவது போல, நீண்டும் சுருங்கியும்தான் குழல் குரோமோசோமைத் தேடிப் பிடிக்கிறது. பிடித்த பிறகு இழுப்பதும் இந்த உதிர்தலால்தான். செல் பிரியும் நேரத்தில் இந்த வேலை மிக வேகமாக நடக்கும். கதிரிலுள்ள குழல்களில் பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்குள் கலைந்து புதிதாகக் கட்டப்பட்டுவிடும்.

வின்கிரிஸ்டின் போய் உட்காருகிற இடம், ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவிலுள்ள இடுக்கு. ஆப்பு வைத்தது போல அங்கே நுழைந்துகொள்ளும். நேராக அடுக்க வேண்டிய செங்கற்களுக்கு நடுவே ஒரு சில்லு மாட்டினால் சுவர் சாய்வது போல, டியூபுலின் வரிசை வளைந்துவிடும். வளைந்த வரிசை குழலாகச் சேராது. மருந்து கொஞ்சமாக இருந்தால் குழல் அப்படியே நிற்கும், ஆனால் முனை நீளவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது, உறைந்துபோகும். அதிகமாக இருந்தால் குழல்களே கரைந்து, டியூபுலின் சுருள்களாகத் திரளும்.

செல்லுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. எல்லாக் குரோமோசோமும் இரு பக்கத்துக் குழல்களிலும் மாட்டிக்கொண்டால்தான் இழுக்க உத்தரவு கிடைக்கும். ஒன்று மாட்டாமல் நின்றாலும் எல்லாமே காத்திருக்கும். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, வின்கிரிஸ்டின் வந்ததும் பல மணி நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. காத்திருந்து காத்திருந்து கடைசியில் பல செல்கள் தம்மையே அழித்துக்கொள்கின்றன. சில செல்கள் பிரியாமலே தப்பி வெளியேறி, குழம்பிய குரோமோசோம் கணக்கோடு பிற்பாடு சாகின்றன. சில பிழைத்தும் போகின்றன. அதனால்தான் ஒரே ஊசியோடு வைத்தியம் முடிவதில்லை. ஊசி போடுகிற நேரத்தில் பிரிந்துகொண்டிருக்காத செல்லை அடுத்த வாரத்து ஊசி பிடிக்க வேண்டும். கூடவே வேறு வழியில் தாக்கும் ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் வேண்டும்.

இதுவரை நல்ல சேதி. இப்போது கால்.

நரம்புச் செல்கள் பிரிவதில்லை. பிரியாத செல்லுக்குக் கதிர் தேவையில்லை. அப்படியானால் கதிரை மறிக்கும் மருந்து நரம்பை ஏன் தொட வேண்டும்? காரணம், அதே டியூபுலின் குழல்களைத்தான் நரம்பு வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. பெருவிரலின் தொடுவுணர்வைக் கொண்டுவரும் நரம்புச் செல்லின் உடல், இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட அங்கிருந்து கால்விரல் வரை அறுபது எழுபது சென்டிமீட்டர் தூரம். அவ்வளவு தூரமும் ஒரே செல்லின் ஒரே இழைதான். புரதங்கள் பெரும்பாலும் செல்லின் உடலில்தான் தயாராகின்றன, விரல் நுனிக்கு அங்கிருந்துதான் சரக்குப் போக வேண்டும். இழைக்குள் நுண்குழல்கள் தண்டவாளம் போல நீளவாக்கில் கிடக்கின்றன. மோட்டார்ப் புரதங்கள் அந்தத் தண்டவாளத்தின் மேல் பொதிகளை இழுத்துப் போகின்றன. வேகமான பொதி நாளுக்கு நாற்பது சென்டிமீட்டர் வரை போகும். மெதுவான சரக்கு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான்.

நரம்பின் குழல்கள் கதிரின் குழல்களைப் போல நிமிடத்துக்கு நிமிடம் கலைவதில்லை, நின்று நிலைப்பவை. அதனால் முதல் ஊசியிலேயே பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் வின்கிரிஸ்டின் உடலை விட்டுச் சீக்கிரம் போகாது. கடைசிக் கட்டத்தில் அதன் அளவு பாதியாவதற்கே சராசரியாக 85 மணி நேரம் பிடிக்கும், அதாவது மூன்றரை நாள். வாரா வாரம் ஊசி என்றால், முந்தையது முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். தண்டவாளம் அங்கங்கே பெயர்கிறது, சரக்கு தேங்குகிறது. கடைசி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் விரலிலும் பாதத்திலும் தொடங்குகிறது. இழை உயிரோடு இருக்கத் தேவையான சில புரதங்கள் சீக்கிரம் கெட்டுப்போகும் வகை. அவை தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். வரவில்லை என்றால் இழைக்குள் உறங்கிக்கிடக்கும் சார்ம்1 என்ற புரதம் விழித்து, இழையின் எரிபொருளைத் தானே எரித்துத் தீர்த்துவிடுகிறது. அந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுத்தும் நரம்பு பெரிய அளவில் கெடவில்லை என்று 2016-ல் காட்டினார்கள். அதை மனிதருக்கு மருந்தாக்கும் வேலை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

ஆகவே, காலில் தெரிவது மருந்து வழிதவறிச் செய்த வேலை என்று நினைக்காதீர்கள். நோயை நிறுத்துகிற அதே வேலையை அது நரம்பிலும் செய்கிறது. சத்து மாத்திரையும் முருங்கைக்கீரை சூப்பும் இதைச் சரிசெய்யாது. எலும்பு மஜ்ஜையை அதிகம் வாட்டாத மருந்து இது. அதனால்தான் ரத்த அணுக்கள் ஏற்கெனவே சரிந்து கிடக்கிற முதல் மாதத்திலும் இதைத் துணிந்து கொடுக்க முடிகிறது. அதற்கு நரம்புதான் விலை கொடுக்கிறது. வின்பிளாஸ்டினுக்கும் இதற்கும் மூலக்கூறின் ஒரு மூலையில் சிறு வித்தியாசம்தான். ஆனால் அது மஜ்ஜையை வாட்டுகிறது, இது நரம்பை வாட்டுகிறது.

இனி ஒரு பிள்ளையின் கதை. எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுச் சிறுமி. அவளுடைய அம்மா, "மத்தவங்களுக்கு உதவுமுன்னா எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேணாம்" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஏழு வயது, உயரம் 118 சென்டிமீட்டர், எடை 20 கிலோ. உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு வரும்: 0.81 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற கணக்கில் அவளுக்கு ஒரு வேளைக்கு 1.2 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் மருந்து உள்ள புட்டியிலிருந்து 1.2 மில்லி. ஒரு தேக்கரண்டியில் கால்வாசி. வாரம் ஒன்றாக நான்கு ஊசி.

முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள், தோசையைக் கடிக்கும்போது தாடை வலிக்கிறது என்று அழுதாள். பல் சொத்தை என்று நினைத்தார்கள். அது முகத்து நரம்பின் முனகல். சில நாளில் தானாகவே போய்விட்டது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு இடுப்பில் படர்தாமரை வந்தது. ஸ்டீராய்டு சாப்பிடும்போது பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தள்ளி இருந்ததால், அவளுடைய அப்பா ஒரு மெடிக்கல் ஷாப்பில் காட்டி மாத்திரை வாங்கி வந்தார். கடைக்காரர் கொடுத்தது இட்ராகோனசோல் கேப்ஸ்யூல். பிள்ளைக்கு வேறு என்ன மருந்து போகிறது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஏழு நாள் விழுங்கினாள்.

வின்கிரிஸ்டினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதிக் குடும்பம். இட்ராகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடும். வடிகாலை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்தது போல ஆயிற்று. அளந்து கொடுத்த 1.2 மில்லிகிராம், உடலுக்குள் அதைவிடப் பெரிய அளவாக வேலை செய்தது.

மூன்றாவது ஊசி போட்ட ஐந்தாம் நாள் சாயந்திரம், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே சத்தம் மாறியிருந்தது. குதிகால் பதிந்து, பாதம் மெல்ல இறங்க வேண்டிய இடத்தில், பாதம் பட் பட்டென்று தரையில் அறைந்தது. வாசலில் ஒரு செருப்புதான் இருந்தது. "இன்னொன்னு எங்கடி?" என்று கேட்டால், "தெரியல பாட்டி" என்றாள். மாடிப்படியில் கழன்று கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. குதிகாலால் மட்டும் நாலு எட்டு நடந்து காட்டச் சொன்னேன். விரல்களைத் தூக்க முடியவில்லை. வலது இமை பாதி இறங்கியிருந்தது. வயிறு உப்பியிருந்தது. வெளிக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது என்றாள் அம்மா. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்து வரச் சொன்னேன். பாதி காலியான அந்த அட்டையைப் பார்த்ததும், டாக்டருக்குப் போன் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தேன். அன்றிரவே சேர்த்தார்கள்.

எக்ஸ்ரேயில் குடல் காற்று நிரம்பி அசைவில்லாமல் கிடந்தது. குடலை அசைப்பதும் நரம்புதான், அந்த நரம்பும் சோர்ந்துபோயிருந்தது. அடைப்பு ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அறுவை சிகிச்சை பக்கம் போகாமல், பட்டினி போட்டு, சலைன் ஏற்றிக் காத்திருந்தார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அதுவும் வின்கிரிஸ்டின் மிகுந்தால் வருவதுதான், கவனிக்காவிட்டால் வலிப்பு வரை போகும். இட்ராகோனசோலை நிறுத்தினாலும் அதன் தடை ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும் என்பதால் நான்காவது ஊசியைத் தள்ளிவைத்து, பிறகு அளவைக் குறைத்துப் போட்டார்கள். குடல் நாலு நாளில் திரும்பியது. இமை மூன்று வாரத்தில் ஏறியது. பாதம் மட்டும், ஊசியை நிறுத்தி வைத்திருந்த நாட்களிலும் இன்னும் கொஞ்சம் மோசமாகி, அப்புறம்தான் திரும்பியது. இது எல்லோரையும் பயமுறுத்தும், ஆனால் இந்த நரம்புப் பாதிப்பில் வழக்கம். பெயர்ந்த தண்டவாளத்தின் விளைவு, சரக்கு நின்ற பிறகுதானே முனையில் தெரியும்? பாதம் தொங்காமலிருக்க ஒரு சிம்பு, தினமும் பிசியோதெரபி என்று ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது ஓடுகிறாள். கணுக்காலைச் சுத்தியலால் தட்டினால் மட்டும் பாதம் இன்னும் துள்ளுவதில்லை, அது வருடக்கணக்கில் வராமலே இருக்கலாம். முதல் கட்டம் முடிந்ததும் எடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுச் செல் தென்படவில்லை. இரண்டிலும் இதே மருந்தின் பங்கு உண்டு.

இந்தக் கதையை வைத்து உங்களிடம் நான் கேட்பது நான்கே காரியம்.

முதலாவது, வீட்டில் பார்க்க வேண்டியவை. செருப்பு தெரியாமல் நழுவுகிறதா, நடையில் அறையும் சத்தம் கேட்கிறதா, குதிகாலால் நடக்க முடிகிறதா, படியேறும்போது கால்நுனி இடிக்கிறதா, சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறதா என்று வாரம் ஒரு நாள், ஊசிக்கு முந்தின நாள், பாருங்கள். விரல்களில் எறும்பு ஊர்வது போல இருக்கிறதா என்று பெரிய பிள்ளைகளிடம் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள், நடக்க மறுத்துத் தூக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். குரல் கம்மினாலும், இமை இறங்கினாலும், அடுத்த ஊசி வரை காத்திருக்க வேண்டாம். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள். மலமிளக்கியை டாக்டர் முதல் நாளே எழுதியிருந்தால், 'நல்லாத்தானே போகுது' என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் எனிமா கொடுக்கவே கூடாது. வெள்ளை அணு குறைந்த பிள்ளைக்கு அங்கே சிறு கீறல் பட்டாலும் கிருமி ரத்தத்துக்கு ஏறிவிடும்.

சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து சிலர் மறைக்கிறார்கள். சாதாரண மரமரப்புக்கும் கணுக்கால் துள்ளல் போவதற்கும் யாரும் மருந்தை நிறுத்துவதில்லை, ஏனென்றால் நோயை வெல்ல அந்த ஊசிகள் தேவை. நடை கெடும்போதும் குடல் நிற்கும்போதும்தான் குறைப்பார்கள், தள்ளிவைப்பார்கள். அந்தக் கோட்டை எப்போது தாண்டினோம் என்று சொல்ல வீட்டில் பார்ப்பவர்களால்தான் முடியும்.

இரண்டாவது, முதல் ஊசிக்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பாதம் வில்லாக வளைந்து, கெண்டைக்கால் சூம்பி, சின்ன வயதிலிருந்தே கால் இடறுகிற வழக்கம் உண்டா? சார்க்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் அப்படித்தான் இருக்கும். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு இரண்டு ஊசியே கை கால் விழப் போதும். 'தாத்தா நடையே அப்படித்தான்' என்று நாம் சாதாரணமாக நினைப்பது, டாக்டருக்கு வைத்தியத்தையே மாற்ற வேண்டிய சேதி.

மூன்றாவது, புதிதாக எந்த மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசாகோனசோல், கீட்டோகோனசோல் என்று 'கோனசோல்' என முடியும் பூஞ்சை மாத்திரைகளையும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் ஒரு தாளில் எழுதி ஃபைலில் ஒட்டிவையுங்கள். ஆபத்தான பூஞ்சை வந்தால் ஆஸ்பத்திரியிலேயே இவற்றில் ஒன்று தேவைப்படலாம். அப்போது அவர்கள் வின்கிரிஸ்டினைத் தள்ளியோ குறைத்தோ கணக்குப் போட்டுச் செய்வார்கள்.

நான்காவது, முதுகில் போடும் ஊசி. இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை முதுகுத்தண்டு நீரில் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வின்கிரிஸ்டின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாக நுழையாது, அது நம் அதிர்ஷ்டம். அதையே தவறி முதுகுத்தண்டில் போட்டுவிட்டால், அங்குள்ள நரம்புகள் நேரடியாக மருந்தில் நனைந்து கீழிருந்து மேலாகச் செயலிழக்கும். அநேகமாக உயிர் மிஞ்சாது. 2001-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அப்படி இறந்தார். இரண்டு ஊசியும் ஒரே நாளில், ஒரே அளவு சிரிஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே இப்படிப்பட்ட விபத்துகளின் வேர். அதனால் 2007-ல் உலக சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் ஏற்றாமல் சிறு சலைன் பையில் கலந்து கொடுங்கள் என்று எச்சரித்தது. பையைக் கொண்டுபோய் யாரும் முதுகில் குத்தமாட்டார்கள் அல்லவா? என் வேலையின் கடைசி வருடங்களில் நானும் பையில்தான் கலந்தேன். முதுகு ஊசி நாளன்று, "இன்னைக்கு முதுகுல போகுறது எது சார்? வின்கிரிஸ்டின் எப்போ, எந்த வழியில?" என்று சத்தமாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள். அதுபோல, கையில் ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதை வெந்துபோகும்.

கடைசியாக, பஸ் பிடிக்க ஓடிய தம்பியின் முதல் கேள்வி. இலையை அரைத்துக் கொடுத்தால் என்ன?

ஒரு டன் காய்ந்த இலையிலும் வின்கிரிஸ்டின் சில கிராம் தேறுவதே அபூர்வம். அது போதாது என்றுதான், இலையில் தாராளமாகக் கிடைக்கும் கத்தரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருளை எடுத்து ஆலையில் இணைத்து இதைச் செய்கிறார்கள். உங்கள் காம்பவுண்டு ஓரத்துச் செடியின் ஒரு கைப்பிடி இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரகத்துக்கு ரகம், கோடைக்கும் மழைக்கும் மாறும். கூடவே நூற்றுக்கு மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகளும் இருக்கும். நோய்க்குப் போதாத அளவு, நரம்புக்கும் ஈரலுக்கும் மிஞ்சிய அளவு என்று இரண்டும் ஒரே டம்ளரில் இருக்கலாம். 1.2-ஐ 1.3 ஆக்காமல் இருக்க நாங்கள் இரண்டு பேர் நின்று சரிபார்ப்போம். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அளவு மாறவே இல்லை, வடிகால் மட்டும்தான் அடைபட்டது. அதற்கே ஐந்து மாதம் சிம்பு கட்டினாள். கணக்கில்லாத இலைச்சாற்றை அதன்மேல் ஊற்றலாமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

செடி வேலியோரம் பூத்துக்கொண்டிருக்கட்டும். தம்பி, அடுத்த தடவை உங்களைப் பார்க்கும்போது இலையைப் பற்றிக் கேட்கமாட்டேன். பையன் குதிகாலால் எத்தனை எட்டு நடந்தான் என்றுதான் கேட்பேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே நீங்கள் டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குஷாய்குடா, ஹைதராபாத்